AD என்ற கோட்டை எப்படி வரைந்தாய்?

"ஐயா, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குகளை நன்றாகவே போடுகிறாள். ஆனால் வடிவியலில், படத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு ஒரு பக்கம் நிரூபணம் எழுதச் சொல்கிறீர்கள். தேற்றங்களை மனப்பாடம் செய்தால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. இதனால் சிந்திக்கும் திறன் வளரும் என்கிறீர்களே, அது எப்படி என்று விளக்க முடியுமா?"

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பொதுவாகப் பேசுவதைவிட, உங்கள் மகளும் அவள் வகுப்புத் தோழர்களும் சென்ற மாதம் எழுதிய ஒரே ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு, அதை எழுதும்போது அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று காட்டினால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். முக்கோணம் ABC-யில் AB, AC ஆகிய இரு பக்கங்களும் சமம் என்றால், B-யிலும் C-யிலும் உள்ள கோணங்களும் சமம் என்பதுதான் அந்தத் தேற்றம். நீங்கள் சொல்வது சரிதான்; படத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது. காகிதத்தில் வெட்டி நடுவில் மடித்தால் ஒரு பாதி மறு பாதியின் மேல் அப்படியே பொருந்துகிறது.

நிரூபணத்தைத் தொடங்கும் முன் ஆளுக்கொரு இருசமபக்க முக்கோணம் வரைந்து கோணங்களை அளக்கச் சொன்னேன். பக்கங்களை 5, 5, 6 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்ட ஒரு மாணவன் ஒரு பக்கம் 53 பாகையும் மறுபக்கம் 54 பாகையும் அளந்தான். பிறகு 54-ஐ அழித்துவிட்டு 53 என்று எழுதினான். ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "இரண்டும் சமமாகத்தானே சார் வரணும்" என்றான். அவன் அளந்ததிலிருந்து முடிவுக்கு வரவில்லை. முடிவிலிருந்து அளவைத் திருத்திக்கொண்டான் என்பதைக் கவனியுங்கள். அந்த முக்கோணத்தின் அடிக்கோணம் உண்மையில் ஏறத்தாழ 53.13 பாகை. பள்ளிக் கோணமானியால் 53.1-க்கும் 53.4-க்கும் வேறுபாடு காட்ட முடியாது. காட்டினாலும் அது அந்த ஒரு முக்கோணத்தைப் பற்றித்தான் பேசும். "சமமாகத்தானே வரவேண்டும்" என்ற அவனுடைய நம்பிக்கைக்கு எது ஆதாரம் என்பதே அடுத்த நாள் எங்களுடைய கேள்வியாயிற்று.

அடுத்த நாள் அவர்களையே நிரூபிக்கச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது: "A-யிலிருந்து BC-க்கு, அதை இருசமக்கூறிடும் செங்குத்துக்கோடு AD வரைக. முக்கோணங்கள் ABD, ACD ஆகியவற்றில் BD = CD. D-யில் உள்ள இரு கோணங்களும் 90 பாகை. AD பொதுப் பக்கம். ஆகவே பக்கம்-கோணம்-பக்கம் என்ற கொள்கைப்படி இரு முக்கோணங்களும் சர்வசமம். எனவே B-யில் உள்ள கோணமும் C-யில் உள்ள கோணமும் சமம்."

ஒவ்வொரு வரியிலும் காரணம் இருக்கிறது. இரு பக்கங்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள கோணமும் சமமானால் இரு முக்கோணங்களும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தும், அதாவது சர்வசமம் என்ற கொள்கையும் சரியாகவே பயன்பட்டிருக்கிறது. நானும் ஆசிரியர் பணியின் தொடக்க ஆண்டுகளில் இப்படி எழுதிய தாள்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நிரூபணத்தை மறுபடி வாசித்து, AB = AC என்று நமக்குத் தரப்பட்டிருந்த ஒரே ஒரு செய்தி எந்த வரியில் பயன்பட்டது என்று தேடிப் பாருங்கள். எங்குமே பயன்படவில்லை.

அப்படியானால் இந்த நிரூபணத்தை எந்த முக்கோணத்துக்கும் அப்படியே எழுதிவிடலாம் என்றாகிறது. AB 4, AC 5, BC 6 சென்டிமீட்டர் உள்ள முக்கோணத்துக்கு இதே வரிகளை எழுதினால், அதிலும் B-யும் C-யும் சமம் என்று "நிரூபணம்" ஆகிவிடும்; அது பொய் என்பதற்குக் கோணமானிகூட வேண்டாம், கண்ணே போதும். ஒரு வாதம் பொய்யான முடிவையும் அதே எளிமையோடு தருகிறது என்றால், உண்மையான முடிவுக்கு அது ஆதாரமாக நிற்க முடியாது. இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. முடிவு சரியாக இருந்தும் அதற்குச் சொன்ன வாதம் தவறாக இருக்க முடியும் என்பதைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

தவறு எந்த வரியில் இருக்கிறது என்று பிள்ளைகளையே தேட விட்டேன். கடைசி வரியிலிருந்து மேலே போனார்கள். சர்வசமக் கொள்கை சரி. பொதுப் பக்கம் சரி. மற்ற இரண்டு வரிகளும் முதல் வரியை நம்பி நிற்கின்றன. முதல் வரியோ "வரைக" என்று கட்டளையிடும் வரி. அதை யாரும் சந்தேகிப்பதில்லை, ஏனென்றால் அது எதையும் கூறுவதாகத் தோன்றுவதில்லை. உண்மையில் அது பெரிய கூற்று ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது: A-யிலிருந்து வரும் ஒரே கோடு BC-க்குச் செங்குத்தாகவும் இருக்கும், அதன் நடுப்புள்ளி வழியாகவும் போகும் என்பதே அந்தக் கூற்று. A-யிலிருந்து BC-க்குச் செங்குத்துக்கோடு ஒன்றுதான் உண்டு. A-யையும் BC-யின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோடும் ஒன்றுதான் உண்டு. இரண்டும் ஒரே கோடு என்று யார் சொன்னது? 4, 5, 6 முக்கோணத்தில் செங்குத்துக்கோடு B-யிலிருந்து 2.25 சென்டிமீட்டரில் விழுகிறது. நடுப்புள்ளியோ 3 சென்டிமீட்டரில் இருக்கிறது. இடையே முக்கால் சென்டிமீட்டர் இடைவெளி. இருசமபக்க முக்கோணத்தில் மட்டும் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது. ஏன் இல்லாமல் போகிறது என்பதைக் காட்டுவதே நம் வேலையாக இருக்க, அதை முதல் வரியிலேயே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஆகவே AD-ஐ வரையும்போது அதற்கு ஒரே ஒரு பண்பைத்தான் கொடுக்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்கு வந்தோம். பிறகு வகுப்பை மூன்றாகப் பிரித்தேன்.

முதல் குழு D-யை BC-யின் நடுப்புள்ளியாக எடுத்துக்கொண்டது. இப்போது D-யில் உள்ள கோணங்களைப் பற்றி எதுவும் பேச அவர்களுக்கு உரிமை இல்லை. கையில் இருப்பது BD = CD, AD பொது என்ற இரண்டு மட்டுமே; மூன்றாவது ஒன்று தேவைப்படுகிறது, அதற்காகத் தேடும்போதுதான் கொடுக்கப்பட்ட AB = AC நினைவுக்கு வருகிறது. மூன்று பக்கங்களும் சமமாகிவிட்டதால் முக்கோணங்கள் சர்வசமம், நிரூபணம் முடிந்தது. D-யில் உள்ள கோணங்கள் சமம் என்பதும், இரண்டும் சேர்ந்து 180 பாகை என்பதால் ஒவ்வொன்றும் 90 பாகை என்பதும் இப்போது விளைவாகக் கிடைக்கின்றன. முந்தைய நிரூபணத்தில் திருடி எடுத்துக்கொண்ட அதே செய்தி, இங்கே உழைத்து ஈட்டிய செய்தியாக வருகிறது. இரண்டாவது குழு A-யில் உள்ள கோணத்தை இருசமக்கூறிடும் கோட்டை எடுத்துக்கொண்டு, AB = AC, நடுவிலுள்ள சமகோணம், பொதுப் பக்கம் என்று பக்கம்-கோணம்-பக்கம் கொள்கையால் முடித்தது.

மூன்றாவது குழு செங்குத்துக்கோட்டை எடுத்துக்கொண்டது; அங்கே ஒரு நல்ல சிக்கல் எழுந்தது. AB = AC, AD பொது, D-யில் கோணங்கள் சமம், ஆக "இரண்டு பக்கம், ஒரு கோணம், சர்வசமம்" என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தக் கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. நடுவில் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அதே படத்திலேயே கிடைக்கிறது.

பக்கங்கள் 5, 5, 6 சென்டிமீட்டர் உள்ள முக்கோணத்தையே மறுபடி வரையுங்கள். BC-யின் மேல், B-யிலிருந்து 2 சென்டிமீட்டரில், வேண்டுமென்றே நடுப்புள்ளியல்லாத ஓர் இடத்தில் D-யைக் குறியுங்கள். இப்போது ABD, ACD என்ற இரு முக்கோணங்களிலும் AB = AC; AD பொது; B-யும் C-யும் சமம் என்பது முதல் இரு குழுக்களும் நிரூபித்துவிட்ட செய்தி. இரண்டு பக்கங்களும் ஒரு கோணமும் சமமாக இருக்கின்றன. ஆனால் BD 2 சென்டிமீட்டர், CD 4 சென்டிமீட்டர். ஒன்று மற்றதன் மேல் பொருந்த வழியே இல்லை. கோணம் நடுவில் இல்லாவிட்டால் சர்வசமம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டிய சாட்சி எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் மூன்றாவது குழுவின் நிரூபணம் தப்பிவிடுகிறது, ஏனென்றால் அவர்களுடைய கோணம் செங்கோணம். கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்தால் பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாவது பக்கம் தானாகவே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் செங்கோணம்-கர்ணம்-பக்கம் என்பது தனிக் கொள்கையாகப் பாடத்தில் இருக்கிறது. அந்தக் குழு செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எந்தக் கொள்கையை நம்பி முடிவுக்குப் போகிறோம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுவது.

இதற்கடுத்த வாரம் தேற்றத்தைத் திருப்பிப் போட்டேன். B-யும் C-யும் சமம் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது; AB = AC என்று நிரூபிக்க வேண்டும். "அதைத்தானே சார் போன வாரம் நிரூபித்தோம்" என்று பலர் சொன்னார்கள். இல்லை, அதன் மறுதலையை இன்னும் யாரும் தொடவில்லை. ஒரு கூற்று உண்மையானால் அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது என்பதற்குப் பிள்ளைகள் மாடியில் விடும் பட்டமே போதும்: சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, ஆனால் குறுக்குக் குச்சிகள் செங்குத்தாக இருக்கும் பட்டமெல்லாம் சாய்சதுரம் அல்ல. இருசமபக்க முக்கோணத்தின் மறுதலை உண்மைதான், ஆனால் அதற்குத் தனி நிரூபணம் வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. முன்பு எளிதாக முடித்த முதல் குழு, பழக்கத்தால் மறுபடியும் நடுப்புள்ளியையே எடுத்துக்கொண்டது. BD = CD, AD பொது, B-யும் C-யும் சமம். உற்றுப் பாருங்கள், சமகோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை, செங்கோணமும் இல்லை. சற்று முன் 2 சென்டிமீட்டரும் 4 சென்டிமீட்டரும் கொண்டு பொய்யாக்கிக் காட்டிய அதே வடிவம் இது. முடிவு உண்மை என்று தெரிந்திருந்தும் அந்த வழியாக நேராகப் போக முடியவில்லை. கோண இருசமவெட்டியையோ செங்குத்துக்கோட்டையோ எடுத்தவர்கள், இரண்டு கோணங்களும் பொதுப் பக்கமும் சமம் என்று இரண்டே வரிகளில் முடித்துவிட்டார்கள். முன்பு மூன்று வழிகளும் திறந்திருந்தன, இப்போது ஒன்று மூடிக்கொண்டது. எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது மாறினால் எந்த வழி செல்லும் என்பதும் மாறும் என்பதை நான் விரிவுரையாகச் சொல்லியிருந்தால் ஒருவர் மனத்திலும் நின்றிருக்காது. அந்தக் குழு பதினைந்து நிமிடம் திணறியதால் நின்றது.

யூக்ளிட் ஏறத்தாழ கி.மு. 300-இல் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில் இத்தேற்றம் ஐந்தாவதாக வருகிறது. அவர் AD என்ற கோட்டை வரையவே இல்லை. AB, AC இரண்டையும் கீழ்நோக்கி நீட்டி, நீட்டிய பகுதிகளில் சம தூரத்தில் இரு புள்ளிகளைக் குறித்து, இரண்டு முறை பக்கம்-கோணம்-பக்கத்தைப் பயன்படுத்திச் சுற்றி வளைத்து வருகிறார். பிற்கால ஐரோப்பிய மாணவர்கள் இதைத் தாண்ட முடியாமல் தவித்ததால் இதற்குக் 'கழுதைப் பாலம்' என்றே பெயர் வந்துவிட்டது என்பார்கள். நம் பிள்ளைகள் மூன்று வரிகளில் முடிப்பதை அவர் ஏன் இவ்வளவு நீட்டினார்? அவருடைய வரிசையில் பக்கம்-பக்கம்-பக்கம் என்ற கொள்கை எட்டாவதாக வருகிறது. அதன் நிரூபணம் இந்த ஐந்தாவது தேற்றத்தையே நம்பி நிற்கிறது. கோணத்தை இருசமக்கூறிடும் முறை ஒன்பதாவதாக வருகிறது. அது எட்டாவதை நம்பி நிற்கிறது. ஆக, ஐந்தாவதை நிரூபிக்க எட்டாவதையோ ஒன்பதாவதையோ அவர் பயன்படுத்தியிருந்தால், ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு எல்லாமே அந்தரத்தில் நின்றிருக்கும். எங்கள் வகுப்பில் சர்வசமக் கொள்கைகளை முதலிலேயே ஏற்றுக்கொண்டு தொடங்குவதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அப்படி ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் சொன்னதாக அறியப்படும் நிரூபணம் எனக்கு மிகவும் பிடித்தது. கோடே வரைய வேண்டாம். முக்கோணம் ABC-யை ACB என்று திருப்பி வாசித்து, அதை அதனுடனேயே ஒப்பிடுங்கள்: AB-க்கு AC சமம், AC-க்கு AB சமம், A-யில் உள்ள கோணம் இரண்டுக்கும் ஒன்றே. பக்கம்-கோணம்-பக்கம், ஆகவே B-யும் C-யும் சமம். காகிதத்தைத் திருப்பிப் போட்டால் அது தன் பழைய இடத்திலேயே மறுபடி உட்காரும் என்று கை சொன்னதைத்தான் இது எழுத்தில் சொல்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருகிறேன்: மனப்பாடம். இந்த நிரூபணத்தை மனப்பாடம் செய்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. மதிப்பெண் மட்டும் வரும். அதில் உங்களோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை. நிரூபணம் எழுதப் பழகிய பிள்ளை கடையிலும் தெருவிலும் தேர்தலிலும் தானாகவே தெளிவாகச் சிந்திக்கும் என்றும் நான் வாக்களிக்க மாட்டேன். அதை வேறு இடங்களுக்குக் கொண்டுபோகத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்வது இதைவிடச் சிறியது. கொடுக்கப்பட்டதையும் கண்ணுக்குத் தோன்றுவதையும் பிரித்து வைப்பது, காட்ட வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளாமல் இருப்பது, எந்த வரி எதை நம்பி நிற்கிறது என்று சொல்ல முடிவது ஆகிய மூன்றையும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை செய்து பார்க்க, வடிவியல் வசதியான களம். மற்றப் பாடங்களின் விவாதத்தில் யார் சொன்னது தவறு என்பதே முடிவில்லாத சண்டையாகிவிடும். இங்கே தவறான வரியின் மேல் விரல் வைத்துக் காட்டலாம், 2.25-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்தே காட்டலாம்.

மகள் புரிந்து எழுதுகிறாளா, ஒப்பிக்கிறாளா என்று வீட்டில் கண்டுபிடிக்க உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முக்கோணத்தைச் சாய்த்து வரைந்து, முனைகளுக்கு P, Q, R என்று பெயர் கொடுத்து, Q-வில் சேரும் இரு பக்கங்கள் சமம் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஒப்பிக்கிற பிள்ளை பெரும்பாலும் Q-வுக்குப் பதிலாகப் P-யிலிருந்தே கோடு வரைவாள், ஏனென்றால் வரிசையில் முதல் எழுத்து அதுதான். எழுதி முடித்த பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள். கொடுக்கப்பட்ட செய்தி எந்த வரியில் பயன்பட்டது? அந்தக் கோட்டை வரையும்போது அதற்கு எத்தனை பண்புகள் கொடுத்தாய்? முதல் கேள்விக்கு அவள் ஒரு வரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். இரண்டாவதற்கு "ஒன்று" என்று சொல்ல வேண்டும். "செங்குத்து, நடுப்புள்ளி இரண்டும்" என்றால், திருத்தாமல் அந்தத் தாளை அப்படியே என்னிடம் கொடுத்து அனுப்புங்கள்; 4, 5, 6 சென்டிமீட்டர் முக்கோணத்தை வரையச் சொல்லி, அதே வரிகளை அதன் கீழ் அவளையே எழுத வைக்கிறேன்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியர்